மதுரைக் கணக்கு ஏன் குறைந்தது?

வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் ஒரு கடைத்தொடரை எடுத்துக்கொள்வோம். மதுரை, கோவை, தஞ்சாவூர் என்று பல ஊர்களில் கிளைகள் உண்டு. ஆன்லைனிலும் ஆர்டர் எடுக்கிறார்கள். 2024 ஜனவரியில் கணக்குப் பிரிவினர் ஓர் அறிக்கை எடுக்கிறார்கள். 2023-இல் மதுரையில் குடியிருந்த வாடிக்கையாளர்கள் மொத்தம் எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்பது கேள்வி. எண் வருகிறது, மேலிடத்துக்குப் போகிறது. ஆகஸ்டில் வேறொரு தேவைக்காக அதே அறிக்கையை மறுபடி எடுத்தால், எண் சில லட்சம் குறைந்திருக்கிறது.

"சார், ஜனவரியில ஒரு கணக்கு கொடுத்தீங்க, இப்ப வேற வருதே. போன வருஷத்து விற்பனை இந்த வருஷம் எப்படி சார் குறையும்?"

நியாயமான கேள்வி. பில் எதுவும் ரத்தாகவில்லை, யாரும் எதையும் அழிக்கவில்லை. இடைப்பட்ட மாதங்களில் சில வாடிக்கையாளர்கள் வேறு ஊருக்குக் குடிபோய், தங்கள் முகவரியை மாற்றித் தந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. கணினி பழைய ஊரை அழித்துவிட்டுப் புது ஊரை எழுதிக்கொண்டது. அதோடு அவர்கள் முன்பு வாங்கியதெல்லாம் புது ஊரின் கணக்குக்குத் தாவிவிட்டது.

பில் போடும் மென்பொருளைப் பொறுத்தவரை இது தவறே அல்ல. நாளைக்கு வாஷிங் மெஷினை எந்த வீட்டில் இறக்க வேண்டும் என்பதுதான் அதன் கவலை. போன வருடம் எந்த வீட்டில் இறக்கினோம் என்பது அதற்குத் தேவையில்லை. ஆனால் நிறுவனங்கள் இதற்கு அப்பால் டேட்டா வேர்ஹவுஸ் என்ற தனித் தரவுக் கிடங்கு ஒன்றையும் வைத்திருக்கின்றன. கடை மூடியபின் அன்றைய விற்பனையும் வாடிக்கையாளர் விவரமும் அங்கே ஏற்றப்படும். அந்த இரவு வேலையை 'நைட் லோடு' என்பார்கள். வருடக்கணக்கான விற்பனையை ஊர்வாரியாக, மாதவாரியாக அலசிப் பார்ப்பதற்கென்றே இருப்பது அந்தக் கிடங்கு. அங்கேயும் பழைய ஊரை அழித்து எழுதினால், கிடங்கு இருந்தும் பயனில்லை.

இந்தச் சிக்கலுக்கு 'ஸ்லோலி சேஞ்சிங் டைமென்ஷன்' என்று பெயர் வைத்தவர் அமெரிக்கரான ரால்ஃப் கிம்பால். 1996-இல் வெளிவந்த அவருடைய 'தி டேட்டா வேர்ஹவுஸ் டூல்கிட்' இந்தத் துறையில் பலருக்கும் முதல் பாடநூல். டைமென்ஷன் என்பது விற்பனையைப் பிரித்துப் பார்க்க உதவும் விவரம்: யார் வாங்கினார், எந்த ஊர், எந்தப் பொருள். விற்பனை நாளுக்கு ஆயிரக்கணக்கில் நடக்கும்; ஒருவருடைய ஊர் சில வருடங்களுக்கு ஒருமுறைதான் மாறும். மெதுவாக மாறுவதால்தான் அந்த மாற்றம் எவர் கண்ணிலும் படாமல் பழைய கணக்கைக் கலைத்துவிடுகிறது.

கிம்பால் வழிகளுக்கு எண் கொடுத்தார். டைப் 1 என்பது மேலே பார்த்த அழித்தெழுதல். டைப் 2 என்பது பழைய வரியை அப்படியே விட்டுவிட்டு, புதிய வரி ஒன்றைச் சேர்ப்பது. டைப் 3 என்பது 'முந்தைய மதிப்பு' என்று பக்கத்தில் ஒரு கட்டத்தை மட்டும் வைத்துக்கொள்வது. வாடிக்கையாளர் வரலாறு வேண்டும் என்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது டைப் 2-இல்தான். நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்தால், எந்தத் தேதியில் யார் பெயரிலிருந்து யார் பெயருக்குப் போனது என்று வரிவரியாக வரும். புது உரிமையாளர் வந்தார் என்பதற்காகப் பழைய வரியை அடிக்க மாட்டார்கள். டைப் 2-இன் வேலையும் அதுதான்.

ஒரு வாடிக்கையாளரைப் பின்தொடர்ந்து போனால் இது விளங்கும். அவருடைய எண் 4071 என்று வைத்துக்கொள்வோம். 2021 ஜூன் 10 அன்று மதுரை முகவரியோடு பதிவு செய்தார். 2023 நவம்பர் 4 அன்று 38,000 ரூபாய்க்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினார். 2024 மார்ச் 18, திங்கட்கிழமை, கோவைக்குக் குடிபோய் முகவரியை மாற்றித் தந்தார். அந்த வாரமே சனிக்கிழமை, மார்ச் 23 அன்று, 27,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வாங்கினார். கிடங்கில் அவருக்கு இப்போது இரண்டு வரிகள்:

```
customer_key  customer_id  city        valid_from  valid_to
1882          4071         Madurai     2021-06-10  2024-03-18
9640          4071         Coimbatore  2024-03-18  9999-12-31
```

இரண்டாவது கட்டத்தில் இருப்பது கடை கொடுத்த வாடிக்கையாளர் எண். அது இரண்டு வரியிலும் ஒன்றேதான். முதல் கட்டத்தில் இருப்பது கிடங்கு தானாகக் கொடுத்துக்கொள்ளும் எண். இதை 'சரகேட் கீ' என்பார்கள். அதற்குத் தனிப்பட்ட பொருள் எதுவும் கிடையாது, வரிக்கு வரி வேறாக இருக்கும், அவ்வளவே. ஃப்ரிட்ஜ் விற்பனையின் பக்கத்தில் 1882 என்று பதிந்திருக்கும். வாஷிங் மெஷின் பக்கத்தில் 9640. மதுரைக் கணக்கு கேட்டால் 1882-ஐ ஒட்டிய 38,000 மட்டும் வரும். கோவைக் கணக்கில் 27,000 வரும். இன்னும் பத்து வருடம் கழித்து அவர் எந்த ஊரில் இருந்தாலும் 2023-இன் மதுரைக் கணக்கு அசையாது.

கடைசி வரியில் இருக்கும் 9999-12-31 'இன்னும் முடியவில்லை' என்பதற்கான குறி. வெறுமையாக விடுகிறவர்களும் உண்டு. ஆனால் வெறுமையோடு தேதியை ஒப்பிட்டால் பதில் ஆமாம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. அதனால் ஒவ்வொரு கேள்வியிலும் அதற்கென்று தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். தொலைதூரத் தேதி ஒன்றை எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மார்ச் 18 இரண்டு வரியிலும் இருப்பதையும் கவனியுங்கள். ஆரம்பத் தேதி உட்பட, முடிவுத் தேதி உட்படாது என்பது இங்கே விதி. மார்ச் 18-ஆம் தேதி விற்பனை கோவையைத்தான் சேரும். இதற்கு மாறாக முதல் வரியை 17-இல் முடித்து, இரண்டு முனையையும் உட்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தேதியோடு மணியும் நிமிடமும் சேர்ந்து வருகிற நாளில், 17-ஆம் தேதி மாலை 6 மணி விற்பனை இரண்டு வரிக்கும் இடையில் விழுந்து காணாமல் போகும். ஒரு வரி முடியும் இடமும் அடுத்த வரி தொடங்கும் இடமும் ஒரே மதிப்பாக இருந்தால் நடுவில் சந்து விழாது.

இனி இரவில் நடப்பதைப் பார்ப்போம். முதலில் பில் மென்பொருளிலிருந்து வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் ஒரு தற்காலிக டேபிளுக்கு வரும். இதை 'ஸ்டேஜிங்' என்பார்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரையும் கிடங்கில் முடியாமல் திறந்திருக்கும் அவருடைய வரியோடு ஒப்பிடுவார்கள். புதியவராக இருந்தால் ஒரு வரி சேர்ப்பார்கள். மாற்றம் இல்லையென்றால் தொட மாட்டார்கள். மாறியிருந்தால் பழைய வரியை மூடி, புது வரியைத் திறப்பார்கள். இது முடிந்த பிறகுதான் அன்றைய விற்பனையை ஏற்ற வேண்டும். முந்தினால், புது வாடிக்கையாளரின் விற்பனைக்கு ஒட்டிக்கொள்ள வரியே இருக்காது. விற்பனைக்குரிய வரியைத் தேடும் கட்டளை இப்படி இருக்கும்:

```sql
SELECT s.sale_id, d.customer_key
FROM   stg_sales s
LEFT JOIN dim_customer d
  ON   d.customer_id = s.customer_id
 AND   s.sale_date >= d.valid_from
 AND   s.sale_date <  d.valid_to;
```

கடைசி இரண்டு வரிகளில்தான் உயிர் இருக்கிறது. பலரும் இந்த இடத்தில் 'இப்போது திறந்திருக்கும் வரி எது' என்று மட்டும் தேடிவிடுகிறார்கள். அன்றைய விற்பனை அன்றே வந்து சேர்ந்தால் அது சரியாகவே தெரியும். மாதக்கணக்கில் யாருக்கும் சந்தேகம் வராது. ஏதோ ஒரு கிளையில் நெட் இல்லாமல் மார்ச் 15-ஆம் தேதி பில்கள் 20-ஆம் தேதி வந்து சேரும்போது, மதுரையில் இருந்தபோது அவர் வாங்கியது கோவையில் ஏறிவிடும். விற்பனைத் தேதியைக் கொண்டு வரியைத் தேடினால் எத்தனை நாள் தாமதமாக வந்தாலும் சரியான இடத்தில் உட்காரும்.

ஆனால் valid_from கட்டத்தில் எந்தத் தேதியை எழுதுவது? டைப் 2-இல் நான் பார்த்த குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியில் வந்துதான் முடியும். திங்கட்கிழமை மாற்றம் கிடங்குக்கு வருவது இரவு ஒன்றரை மணிக்கு. அப்போது தேதி செவ்வாய் ஆகிவிட்டது. புரோகிராம் எழுதியவர் CURRENT_DATE என்று போட்டிருந்தால், மாற்றம் 19-ஆம் தேதி நடந்ததாகப் பதியும். ஒரு நாள்தானே என்று தோன்றலாம். செவ்வாய் இரவு டிஸ்க் நிரம்பி லோடு நின்றுவிடுகிறது, சரிசெய்து ஓட்டுவது வியாழன் காலையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 19-ஆம் தேதி மாறியவர்கள் எல்லாரும் 21-ஆம் தேதி மாறியதாகப் பதிவார்கள். இடைப்பட்ட இரண்டு நாள் விற்பனை பழைய ஊர்களில் ஏறும். வாடிக்கையாளர் வரலாறு என்று நாம் நம்புவதில் நம்முடைய சர்வர் படுத்த வரலாறும் கலந்துவிடுகிறது.

இதைத் தடுக்க, எந்த நாளுக்கான லோடு என்பதை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். 19-ஆம் தேதிக்கான லோடு என்றால், அதை எந்தக் கிழமை ஓட்டினாலும் 19 என்றே பதிய வேண்டும். புரோகிராமுக்குள் எங்கேயும் கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது.

அதுவும் போதாது என்பதை முதல் விபத்துக்குப் பிறகுதான் பலரும் உணர்கிறார்கள். வியாழன் காலையில் 19-ஆம் தேதி லோடை ஓட்டும்போது, பில் மென்பொருளில் இருப்பது வியாழன் காலைப் பட்டியல். செவ்வாய் இரவு அது எப்படி இருந்தது என்று கேட்டால் அதற்குத் தெரியாது. அது அழித்து எழுதும் மென்பொருள். 20-ஆம் தேதி மாறியவர்களும் 19-இல் மாறியதாகப் பதிந்துவிடுவார்கள். எனவே லோடு ஓடுகிறதோ இல்லையோ, வாடிக்கையாளர் பட்டியலை இரவு தவறாமல் எடுத்து, தேதியிட்ட ஃபைலாகத் தனியே வைத்துவிட வேண்டும். எடுப்பது ஒரு வேலை, ஏற்றுவது வேறு வேலை. இரண்டையும் பிரித்துவைத்திருந்தால், ஏற்றுவது மூன்று நாள் தடைப்பட்டாலும் மூன்று ஃபைல்களையும் வரிசையாக ஏற்றிக்கொள்ளலாம். வரிசை மாறக் கூடாது என்பது முக்கியம்.

பில் மென்பொருளிலேயே updated_at என்று ஒரு கட்டம் இருக்குமே, அதை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். எடுக்கலாம், கவனமாக. செல்போன் எண்ணை மாற்றினாலும் அந்தத் தேதி நகர்ந்துவிடும். ஊர் மாறிய தேதி அதுதான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தரவுத்தளமே வரலாற்றை வைத்துக்கொள்ளும் வசதிகளுக்கும் ஓர் எல்லை உண்டு. SQL Server 2016 முதல் இருக்கும் டெம்பரல் டேபிள்கள் பதிவது, அந்த வரி தரவுத்தளத்தில் மாறிய நேரத்தை. வாடிக்கையாளர் வீட்டைக் காலி செய்த நாளை அல்ல. dbt என்ற கருவியின் ஸ்னாப்ஷாட் வசதியில் `check` முறையைத் தேர்ந்தெடுத்தால், ஓட்டிய நேரமே ஆரம்பத் தேதியாக விழும். கருவிகள் நல்லவைதான். எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதுகின்றன என்று தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

இரவில் ஓடும் முறைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. ஒரே நாளில் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை முகவரி மாறினால் இரவுப் பட்டியலில் கடைசியாக மாறியது மட்டும்தான் தெரியும். ஊர்வாரி விற்பனைக்கு அது பெரும்பாலும் போதும். போதாதவர்கள் தரவுத்தளத்தின் லாக்கிலிருந்து ஒவ்வொரு மாற்றத்தையும் எடுக்கும் முறைக்குப் போக வேண்டும்.

லோடு பாதியில் நிற்பது இன்னும் மோசமான விபத்து. பழைய வரிகளை மூடியாயிற்று. புது வரிகளைத் திறப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அந்த வாடிக்கையாளர்களுக்குக் கிடங்கில் இன்றைய வரியே இல்லை. மறுநாள் லோடு திறந்த வரியோடு ஒப்பிடும்போது, அவர்களைப் புதியவர்கள் என்று நினைத்துக்கொள்ளும். மூடுவதும் திறப்பதும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இருந்தால் இது நடக்காது. இரண்டும் நடக்கும், அல்லது இரண்டும் நடக்காது. அதோடு, அதே நாள் ஃபைலை இரண்டாம் முறை ஓட்டினால் ஒரு வரிகூட மாறக் கூடாது. இதை ஊகத்தில் விடாமல், வாரம் ஒருமுறையாவது சோதனைச் சூழலில் இரண்டுமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. நேரடிக் கிடங்கில் தினமும் லோடு முடிந்தவுடன் இந்தச் சிறிய கேள்வியைக் கேட்க வேண்டும்:

```sql
SELECT customer_id
FROM   dim_customer
GROUP  BY customer_id
HAVING SUM(CASE WHEN valid_to = '9999-12-31'
                THEN 1 ELSE 0 END) <> 1;
```

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் திறந்த வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு எண் வந்தாலும், அவருக்குத் திறந்த வரி இல்லை அல்லது இரண்டு இருக்கிறது என்று பொருள். இரண்டு இருந்தால் அவர் வாங்கிய ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகச் சேரும். விற்பனை உயர்ந்துவிட்டதாக மேலிடம் மகிழ்ந்துபோகும். காலை அறிக்கை வெளியே போகும் முன் இது தெரிந்தாக வேண்டும்.

மாறாததை மாறியதாக நினைப்பது வேறொரு வகைக் கோளாறு. கிடங்கில் இரண்டு லட்சம் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், வழக்கமாக இரவுக்கு முந்நூறு பேர் மாறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் பில் மென்பொருளைப் புதுப்பிக்கிறார்கள். அன்றிலிருந்து Madurai என்பது MADURAI என்று வருகிறது, அல்லது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வருகிறது. கண்ணுக்கு வித்தியாசமில்லை, கணினிக்கு அது வேறு ஊர். ஒரே இரவில் இரண்டு லட்சம் வரிகள் மூடப்பட்டு, இரண்டு லட்சம் புது வரிகள் திறக்கும். லோடு வெற்றி என்றே செய்தி வரும்.

ஒப்பிடும் முன் இரண்டு பக்கமும் இடைவெளியை வெட்டி, எழுத்தை ஒரே மாதிரி ஆக்கிக்கொள்வது பாதி மருந்து. மீதிப் பாதி, எண்ணிக்கையைப் பார்ப்பது. வரலாறு எழுதும் முன், எத்தனை பேர் மாறியிருக்கிறார்கள் என்று எண்ணி, வழக்கத்தைவிடப் பல மடங்கு என்றால் லோடு தானாக நின்று ஆளைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு வரியிலும் அதை எழுதிய லோடின் எண்ணையும் வைத்திருந்தால், தவறு நடந்த பிறகும் அந்த எண்ணைக் கொண்டு புது வரிகளை நீக்கிப் பழையதைத் திறந்துவிடலாம். ஆனால் புது வரிகளின் சரகேட் கீ அதற்குள் விற்பனையில் ஏறியிருந்தால், முதலில் அவற்றைப் பழைய கீக்குத் திருப்ப வேண்டும். அதனால்தான் அன்றைக்கே கண்டுபிடிப்பது முக்கியம். ஒரு மாதம் கழித்துத் தெரிந்தால் வேலை பல நாள் இழுக்கும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு, மாறியதைக் கவனிக்காமல் விடுவது. காலியாக இருந்த கட்டத்தில் இன்று ஊர் வந்திருக்கிறது என்றால் அது மாற்றம்தானே? ஆனால் SQL-இல் காலி மதிப்பை `<>` கொண்டு ஒப்பிட்டால் 'தெரியாது' என்று பதில் வரும், மாற்றம் விட்டுப்போகும். PostgreSQL போன்றவற்றில் `IS DISTINCT FROM` என்று எழுதினால் சரியாகப் பிடிக்கும்.

அந்த எண்ணிக்கைத் தடுப்பில் உண்மையான மாற்றம் மாட்டுவதும் உண்டு. 2020 டிசம்பர் 28 அன்று நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து மயிலாடுதுறை தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. சீர்காழியில் குடியிருந்த வாடிக்கையாளர் வீட்டைவிட்டு நகரவே இல்லை. ஆனால் அவருடைய மாவட்டம் மாறிவிட்டது. மாவட்டவாரியாக விற்பனை பார்க்கும் நிறுவனம் ஒன்று, தன் பட்டியலைச் சில மாதம் கழித்து ஒரே மூச்சில் திருத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரவு ஆயிரக்கணக்கில் மாற்றம் வரும், லோடு நிற்கும், யாராவது பார்ப்பார்கள். நிற்பதே நல்லது. ஏனென்றால் ஆள் பார்த்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

முதல் முடிவு தேதி பற்றியது. பட்டியலைத் திருத்திய நாளையா எழுதுவது, 2020-12-28 என்றா? மாவட்டம் மாறிய நாள் எல்லாருக்கும் தெரிந்த நாள். அதைத்தான் எழுத வேண்டும். இடைப்பட்ட மாத விற்பனையைப் புது வரிகளுக்கு மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது முடிவு இன்னும் சுவையானது. டைப் 2-படி செய்தால், 2019-இன் நாகப்பட்டினக் கணக்கு பழைய, பெரிய மாவட்டத்தின் கணக்காகவே நிற்கும். அன்று அறிக்கையில் போனது அதுதான், அது கலையக் கூடாது. ஆனால் 2019-ஐயும் 2021-ஐயும் அருகருகே வைத்தால், நாகப்பட்டினத்தில் வியாபாரம் சரிந்துவிட்டது போலத் தெரியும். கிளை மேலாளர் பாவம், மாவட்டம் சுருங்கியதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஒப்பீட்டுக்கு இன்றைய எல்லைக்குள் பழைய விற்பனையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு கேள்வியும் நியாயமானவை. ஆகவே district என்ற கட்டத்தை வரலாற்றோடு வைத்துக்கொண்டு, பக்கத்தில் current_district என்று இன்னொரு கட்டம் வைத்து, அதை மட்டும் அந்த வாடிக்கையாளரின் பழைய, புதிய எல்லா வரிகளிலும் அழித்து எழுதிவிடலாம். இதற்கு டைப் 6 என்று பெயர். அன்று எப்படி இருந்தது என்று கேட்பவருக்கு முதல் கட்டம், இன்றைய கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டாவது. வாடிக்கையாளரின் ஊருக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

எல்லா மாற்றத்துக்கும் புது வரி திறக்க வேண்டுமா என்றால், வேண்டாம். பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்து திருத்தினால் அது வரலாறு அல்ல, திருத்தம். எல்லா வரியிலும் அழித்து எழுதிவிடலாம். செல்போன் எண்ணை வைத்து யாரும் விற்பனையைப் பிரித்துப் பார்ப்பதில்லை, அதற்கும் அப்படியே. சிக்கல் ஊரில்தான். ஒருவர் மதுரையிலிருந்து தேனிக்குக் குடிபோனாலும் ஊர்க் கட்டம் மதுரையிலிருந்து தேனி ஆகும். அவர் எப்போதுமே தேனியில்தான் இருந்தார், கவுன்டரில் தவறாகப் பதிந்துவிட்டார்கள் என்றாலும் அதே கட்டம் அதே மாதிரிதான் மாறும். முதலாவதற்குப் புது வரி வேண்டும், இரண்டாவதற்குப் பழைய வரியைத் திருத்த வேண்டும். இரவுப் பட்டியலை எத்தனை புத்திசாலித்தனமாக ஒப்பிட்டாலும் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தகவல் அதில் இல்லவே இல்லை. அதைத் தெரிந்தவர் கவுன்டரில் இருந்தவர் ஒருவர்தான். முகவரி மாற்றும் திரையில் 'வீடு மாறினார்', 'தவறாகப் பதிந்தது' என்று இரண்டு தேர்வும், முன்னதற்கு 'எந்தத் தேதியிலிருந்து' என்று ஒரு கட்டமும் வைத்தால் போதும். கிடங்கில் செலவிடும் எத்தனையோ மணி நேரத்தைவிட அந்த ஒரு திரை பயன் தரும். கிடங்கு வேலை பார்ப்பவர்கள் பில் மென்பொருள் எழுதுபவர்களிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டிய முதல் உதவி அதுதான் என்பேன்.

'எந்தத் தேதியிலிருந்து' என்று கேட்க ஆரம்பித்தால், பின்தேதியிட்ட செய்திகள் வரும். நம் 4071-ஆம் வாடிக்கையாளர் ஏப்ரல் 5 அன்று வந்து, "நாங்க மார்ச் 1-ஆம் தேதியே கோவைக்கு வந்துட்டோம், சொல்லத்தான் லேட்டாயிடுச்சு" என்கிறார். மார்ச் 9 அன்று அவர் ஒரு மிக்சி வாங்கியிருந்தால், அது 1882-ஐ, அதாவது மதுரையை ஒட்டி நிற்கிறது. சரிசெய்ய வேண்டுமானால் முதல் வரியை மார்ச் 1-இல் முடித்து, இரண்டாவது வரியை அன்றே தொடங்கி, மிக்சி விற்பனையின் கீயை 9640 என்று மாற்ற வேண்டும். மாற்றினால், ஏப்ரல் முதல் தேதி அச்சிட்டுப் போன மார்ச் அறிக்கை இனி அதே எண்ணைத் தராது. நாம் எங்கே தொடங்கினோமோ அதே புகார் மறுபடி வரும்.

இங்கே இரண்டு உண்மைகள் மோதுகின்றன. உலகில் நடந்தது மார்ச் 1. நமக்குத் தெரிந்தது ஏப்ரல் 5. இரண்டையும் தனித்தனிக் கட்டங்களில் வைத்து, 'ஏப்ரல் முதல் தேதி நமக்குத் தெரிந்திருந்தபடி மார்ச் கணக்கு' என்று கேட்க வழி செய்யலாம். இதை 'பை-டெம்பரல்' முறை என்பார்கள். வங்கி, காப்பீடு போன்ற இடங்களில் அதற்குத் தேவை உண்டு. ஆனால் வரிகளின் எண்ணிக்கை பெருகும், ஒவ்வொரு கேள்வியிலும் நான்கு தேதிகளைக் கையாள வேண்டும், அறிக்கை எழுதுபவர்கள் தடுமாறுவார்கள். கடைத்தொடருக்கு நான் சொல்வது எளிய விதி. கணக்கு மூடப்பட்ட மாதத்தின் விற்பனையைத் தொடுவதில்லை. மூடாத மாதத்துக்குள் பின்தேதி வந்தால் திருத்திக்கொள்வது. அதற்கும் பழையதாக இருந்தால், திறந்திருக்கும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து மாற்றம் நடந்ததாகப் பதிவது. மிக்சி மதுரையிலேயே இருக்கட்டும். அதில் சிறு பிழை இருக்கிறது. ஆனால் அது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்த, எழுதிவைத்த விதியின் பிழை. கணக்குப் பிரிவினர் ஏற்றுக்கொள்வார்கள்.

வரலாற்றை ஒழுங்காகச் சேர்த்தபின் அறிக்கை எழுதுபவர்கள் சறுக்கும் ஓர் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். 'நமக்கு எத்தனை வாடிக்கையாளர்கள்' என்று கேட்டால் டேபிளின் வரிகளை எண்ணக் கூடாது. 4071 இரண்டுமுறை வருவார். கடை கொடுத்த வாடிக்கையாளர் எண்ணைத்தான் ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் எண்ண வேண்டும்.

கடைசியாக, எதைச் சேர்ப்பது என்பதற்கும் அளவு வேண்டும். டைப் 2 வந்துவிட்டால் எல்லாக் கட்டத்துக்கும் வரலாறு வைத்துவிடும் ஆசை வரும். ஊர், மாவட்டம், வாடிக்கையாளர் வகை ஆகியவற்றுக்கு வையுங்கள். விற்பனையைப் பிரித்துப் பார்ப்பது அவற்றால்தான். கதவு எண்ணையும் தெருப் பெயரையும் கொண்டு யாரும் அறிக்கை எடுப்பதில்லை. 2023-இல் இந்தியா இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் விவரங்களைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. அப்படி ஒருவர் கேட்டு வந்தால், அவர் குடியிருந்த ஒவ்வொரு வீட்டின் முகவரியும் பத்து வரிகளிலும், தேதியிட்டு வைத்த இரவு ஃபைல்களிலும் பரவிக் கிடக்கக் கூடாது. அதனால் தெருவும் கதவு எண்ணும் டைப் 1 ஆகவே, இன்றைய முகவரி மட்டுமாக இருக்கட்டும். இரவு ஃபைல்களையும், கணக்கு மூடி, மறுபடி ஓட்டத் தேவையில்லை என்று உறுதியானவுடன் நீக்கிவிடலாம்.